அம்மாவின் நகைப்பெட்டி: மூன்று பிள்ளைகள், ஒரு கடிதம்

தாயார் மவ்த்தாகி நாற்பது நாள் ஆவதற்குள் பல வீடுகளில் பீரோ சாவி யாரிடம் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் இருக்கிறது. நகைக்கு அது கிடையாது. எது அம்மாவுடையது, எதை யாருக்குக் கொடுத்தார், எது இரவல், எது அடகில் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அதனால்தான் உடன்பிறந்தவர்கள் நிலத்துக்காகச் சண்டையிடுவதைவிட ஒரு ஜோடி வளையலுக்காக அதிக நாள் பேசாமல் இருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாருக்கு எத்தனை பங்கு என்பதை அல்லாஹ் சூரா அந்நிஸாவின் 11, 12 ஆம் வசனங்களில் தீர்மானித்துவிட்டான். அதில் நாம் பேசி முடிவெடுக்க ஒன்றுமில்லை. நாம் முடிவெடுக்க வேண்டியது பெட்டியில் உள்ளவற்றில் எவையெல்லாம் பாகத்துக்கு உரியவை என்பதைத்தான். பட்டியல் சரியானால் பாகம் எளிது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாயாரின் வீடு விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையத்தில். அத்தா முன்பே மவ்த்தாகிவிட்டார். தாயாரின் பெற்றோரும் உயிரோடு இல்லை. மூத்த மகள் தாயாருடன் அதே ஊரில் இருந்தவர், மகன் திண்டிவனத்தில், இளைய மகள் விழுப்புரத்தில். பெட்டி மூத்த மகளிடம் இருக்கிறது. அவர் தம்பிக்கும் தங்கைக்கும் இப்படி எழுதுகிறார்:

"அன்புள்ள தம்பிக்கும் தங்கச்சிக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் நகை என்னிடம் அமானிதமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் வராமல் பெட்டியைத் திறக்க மாட்டேன். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு வாருங்கள். மூவரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எழுதுவோம். ஜிமிக்கி எனக்கு என்று அம்மா பலமுறை சொன்னது உங்களுக்கும் தெரியும். ஆனால் அதை என் கையில் கொடுக்கவில்லை, கடைசி வரை அம்மாதான் போட்டிருந்தார். அதனால் அது என்னுடையது அல்ல. அதையும் பட்டியலில் முதலில் எழுதுங்கள்."

கொடுத்ததும் சொன்னதும்

ஜிமிக்கி விஷயத்தில் மூத்தவர் எழுதியது மார்க்கச் சட்டப்படி சரி. தாய் உயிரோடும் நல்ல உடல்நலத்தோடும் இருக்கும்போது ஒரு நகையைப் பிள்ளைக்குக் கொடுத்து, பிள்ளையும் அதைக் கைப்பற்றிவிட்டால் அது ஹிபா, அதாவது அன்பளிப்பு. அது பிள்ளையின் சொத்து, பாகத்துக்கு வராது. "எனக்குப் பிறகு இது உனக்கு" என்று சொன்னது ஹிபா அல்ல, வஸிய்யத். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். மற்ற வாரிசுகள் மனமொப்பி ஏற்றாலன்றி அது செல்லாது. மரண நோயில் படுத்திருக்கும்போது கொடுத்ததையும் வஸிய்யத்தைப் போலவே கருத வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு.

திருமணத்தில் பெண்களுக்குப் போட்ட நகையும் இதே விதியில்தான் வருகிறது. "அவர்களுக்குத்தான் கல்யாணத்திலேயே செய்துவிட்டோமே, இனி என்ன பங்கு?" என்று நம் ஊர்களில் சொல்வது வழக்கம். கல்யாணத்தில் கொடுத்தது கொடுத்ததுதான். அதைக் காரணம் காட்டி மகளின் பாகத்தைக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைகளிடையே ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது உண்மை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போது கவனிக்க வேண்டிய கடமை அது. பிறகு வாரிசுரிமையில் கழிக்கும் கணக்கல்ல.

இந்தக் குடும்பத்தில் சிக்கலானது நெக்லஸ். அது இளைய மகளின் கழுத்தில் நான்கு வருடமாக இருக்கிறது. அம்மா கொடுத்ததா, இரவலா? சாட்சி யாரும் இல்லை. இதைப் பற்றிக் கடிதத்தில் மூத்தவர் குறை எதுவும் எழுதவில்லை. "அம்மா என்ன சொல்லித் தந்தார் என்பது உனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். நீ சொல்வதையே எழுதிக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதியிருந்தார். தங்கை தொலைபேசியில் சொன்னார்: "'இப்போதைக்குப் போட்டுக்கோ'ன்னுதான் அம்மா சொன்னாங்க அக்கா. எழுதிக்குங்க."

சாட்சியில்லாத வாரிசுரிமை வழக்கொன்றுடன் இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தியை உம்மு ஸலமா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். தம் தீர்ப்பின் மூலமே ஒருவர் தன் சகோதரரின் உரிமையைப் பெற்றுவிட்டாலும் அது நெருப்பின் ஒரு துண்டு என்று நபி (ஸல்) எச்சரித்தார்கள். இருவரும் அழுது, என் உரிமை உனக்கே என்றார்கள். அப்போது, நியாயத்தைத் தேடிப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுங்கள் என்று வழி காட்டினார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது.

பாகத்துக்கு முன் மூன்று

வாரிசுகளுக்கு முன்னால் மூன்று செலவுகள் நிற்கின்றன: கஃபன், அடக்கச் செலவு; அடுத்து கடன்; அதன் பிறகு வஸிய்யத். அம்மாவின் சங்கிலி ஒன்று கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்தது. அந்தக் கடனை அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்தே அடைத்து நகையை மீட்கிறார்கள். பிள்ளைகளில் ஒருவர் கைப்பணத்தைப் போட்டு மீட்டால், அன்பளிப்பாகச் செய்கிறேன் என்று அவர் சொல்லாத வரை அது அவருக்குத் திரும்ப வர வேண்டிய கடன். மீட்டவருக்கே நகை என்று ஆகிவிடாது. வங்கிக் கணக்கிலோ லாக்கரிலோ நாமினியாக இருப்பவர் நிலையும் இதுதான். அவர் வாங்கி வைப்பவர், உரிமையாளர் அல்ல. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் வங்கியில் அலைச்சல் குறையும்.

மூத்த மகளின் பெண்ணுக்கு இரண்டு வளையல் கொடுக்கும்படி அம்மா மூவர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். பேத்தி இங்கே வாரிசு அல்ல, ஆகவே அவளுக்கு வஸிய்யத் செல்லும். அடக்கச் செலவும் கடனும் போக மீதியுள்ள சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பதே வரம்பு.

எடை மட்டும் போதாது

அடுத்து மதிப்பு. கடிதத்தில் இதற்கு மூன்று நிபந்தனைகள்: மூவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு கடையில் மூவரும் இருக்கும்போது எடை போடுவது, கல், முத்து, மணி எடையைக் கழிப்பது, செய்கூலி, சேதாரத்தைச் சேர்க்காமல் பழைய தங்கத்தைக் கடைக்காரர் எடுக்கும் அன்றைய விலையை மட்டும் கணக்கில் கொள்வது. பழைய நகையில் தரத்தையும் சோதிக்க வேண்டும். ஹால்மார்க் வருவதற்கு முன் செய்த நகைகளில் பற்றவைப்பு அதிகம், 22 காரட் என்று சொல்லி வாங்கியது சோதனையில் குறைவது உண்டு. இங்கே அம்மாவின் ஆரம் 44 கிராம் நின்றது, ஆனால் 20 காரட்தான். 22 காரட் கணக்கில் அது 40 கிராம். எடையை மட்டும் பார்த்திருந்தால் ஆரம் எடுப்பவர் கணக்கில் 4 கிராம் கூடுதலாக எழுதப்பட்டிருக்கும்.

மற்றவை எல்லாம் 22 காரட் என்று வைத்துக்கொண்டால் பட்டியல் இது: ஆரம் 40, நெக்லஸ் 32, மீட்ட சங்கிலி 32, நான்கு வளையல் 48, கருகமணி 24, ஜிமிக்கி 16, மோதிரங்கள் 8. ஆக 200 கிராம், 25 சவரன். பேத்தியின் இரண்டு வளையல் 24 கிராம் போக மீதி 176.

பங்கு

ஓர் ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்பதால் இங்கே நான்கு பாகம். ஒரு பாகம் 44 கிராம். மகனுக்கு 88, மகள்கள் இருவருக்கும் தலா 44. அத்தா உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவருக்குக் கால் பங்கு. தாயாரின் உம்மா இருந்திருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று. பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து பிரிக்கும் வீடுகளில் அதிகம் விட்டுப்போவது இந்த இரண்டும்தான்.

நகையை வெட்டிப் பிரிக்க முடியாது, எல்லாவற்றையும் உருக்கி விற்க யாருக்கும் மனமில்லை. எனவே கடிதம் சொன்ன வழி: ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிரியமானதை முதலில் சொல்வது, ஒரே நகையை இருவர் கேட்டால் சீட்டுக் குலுக்குவது. மூத்தவர் கருகமணியும் ஜிமிக்கியும் கேட்டார், 40 கிராம். இளையவர் நெக்லஸும் மோதிரங்களும், அதுவும் 40. மகனுக்கு ஆரம், சங்கிலி, மீதி இரண்டு வளையல், 96 கிராம். அவரிடம் 8 கிராம் கூடுதல். சகோதரிகள் இருவருக்கும் தலா 4 கிராமுக்கான பணத்தை அவர் கொடுத்தால் கணக்கு நேர்.

இந்த இடத்தில் ஒரு மார்க்கக் கவனம் தேவை. கூடுதல் தங்கத்துக்குப் பணம் கொடுப்பது தங்கத்தை வாங்குவது போன்றது. தங்கத்துக்கும் பணத்துக்குமான மாற்று கைக்குக் கை நடக்க வேண்டும் என்று இக்கால அறிஞர்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று தள்ளாமல் அதே அமர்வில் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் ஒரு வளையலைக் கடையில் விற்று, அந்தப் பணத்தை மூவரும் சமமாக எடுத்துக்கொள்ளலாம்.

விட்டுக்கொடுத்தல்

தம்பி விரும்பினால் தன் பங்கிலிருந்து சகோதரிகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், அது அவருடைய நன்மை. சகோதரியும் தன் பங்கை விடலாம். ஆனால் இரண்டும் பங்கு கைக்கு வந்த பிறகு நடக்கட்டும். "எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணா" என்று கூட்டத்தின் நடுவே ஒரு பெண் சொல்வது பெரும்பாலும் கூச்சம், சம்மதம் அல்ல. நகை அவள் கையில் வைக்கப்பட்டு, அவள் வீட்டுக்குப் போய், பிறகு திருப்பிக் கொடுத்தால் அது சம்மதம். வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் அதன் சார்பில் எவரும் விட்டுக்கொடுக்க முடியாது.

நகை அசையும் சொத்து என்பதால் பாகத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் யார் எதை எடுத்தார், எத்தனை கிராம், எவ்வளவு பணம் கைமாறியது என்று எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, ஜமாஅத்தார் இருவரைச் சாட்சியாக வைத்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

அக்காவின் கடிதம் இப்படி முடிகிறது: "கணக்கில் நான் எங்காவது தவறியிருந்தால் ஞாயிறு வருவதற்குள் சொல்லுங்கள். நம் ஊர் இமாமிடமும் காட்டியிருக்கிறேன். பிரித்து முடித்ததும் மூவரும் ஒருவருக்கொருவர் ஹலால் சொல்லிக்கொள்வோம். பிறகு மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அம்மா இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்."