வடிகாலில் மூன்று முறை

உணவு ஆலைகளைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு மாதிரிக் கேள்வி. வேகவைத்த இறைச்சியைச் சீவி, பாக்கெட் போட்டு விற்கும் ஆலை அது. வாங்குபவர் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே சாப்பிடுவார், மறுபடி சூடாக்க மாட்டார். ஓராண்டு ஸ்வாப் பதிவேட்டில், சீவும் எந்திரத்தின் கத்தியில் எடுத்த மாதிரிகள் ஒன்றுவிடாமல் நெகட்டிவ். ஆனால் அதே அறையின் தரை வடிகாலில் பிப்ரவரி, மே, செப்டம்பர் என மூன்று முறை லிஸ்டீரியா பாசிட்டிவ். ஒவ்வொரு முறையும் வடிகாலைக் கழுவி, மருந்து ஊற்றி, தொடர்ந்து மூன்று நெகட்டிவ் வந்ததும் கோப்பை மூடியிருக்கிறார்கள். இந்த ஆலைக்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

பலர் 'நடவடிக்கை முறையாக எடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதுவார்கள். தவறான விடை அதுதான். ஏன் என்று புரிய, முதலில் ஸோன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆலையை நான்கு ஸோன்களாகப் பிரிப்பது இந்தத் துறையின் வழக்கம். உணவு நேரடியாகத் தொடும் இடங்கள் முதல் ஸோன்: கத்தி, கன்வேயர் பெல்ட், மேசை, ஊழியரின் கையுறை. அதை ஒட்டியிருந்தும் உணவைத் தொடாதவை இரண்டாவது: எந்திரத்தின் சட்டம், சுவிட்ச் பலகை, மூடிகள். அதே அறைக்குள் சற்றுத் தள்ளியிருக்கும் தரை, வடிகால், சுவர், தள்ளுவண்டிச் சக்கரம் மூன்றாவது. அறைக்கு வெளியே உள்ள நடைபாதை, உடைமாற்றும் அறை, சரக்கு இறக்கும் இடம் நான்காவது. சுருங்கச் சொன்னால், சாப்பாட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே கணக்கு.

எல்லா இடத்தையும் விட்டுவிட்டு லிஸ்டீரியா ஏன் ஈரமான, குளிர்ந்த உணவு அறையைத் தேடி வருகிறது? மற்றக் கிருமிகள் சுருண்டுகிடக்கும் குளிர்சாதனப் பெட்டிச் சூட்டிலும் அது மெதுவாகப் பெருகும். வேகவைத்தால் செத்துவிடும். ஆனால் வெந்த பிறகு, சீவும்போது வந்து ஒட்டிக்கொண்டால் அதைக் கொல்ல அடுத்த படி எதுவும் இல்லை. மூடிய பாக்கெட்டுக்குள் வாரக்கணக்கில் வளர நேரமும் கிடைக்கிறது. ஆரோக்கியமானவருக்கு வயிற்றுக்கோளாறோடு போகலாம். கர்ப்பிணிக்குக் கரு கலையலாம். முதியவருக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவருக்கும் ரத்தத்திலும் மூளையுறையிலும் பரவி உயிரை எடுக்கும். சாப்பிட்டு வாரங்கள் கழித்து நோய் தெரிவதும் உண்டு. அதற்குள் பாக்கெட் எந்தக் கடையில் வாங்கியது என்பதே மறந்துபோகும்.

லிஸ்டீரியா வெறும் தூசியைப் போல வந்துபோவதில்லை. உடைந்த ரப்பர் விளிம்பில், குழாய்க் காலின் போல்ட் துளையில், உருளையின் உள்வெற்றிடத்தில், உணவுத் துணுக்கும் ஈரமும் சேரும் எந்தப் பொந்திலும் குடியேறிவிடும். தன்மேல் ஒரு பிசுபிசுப்பான படலத்தைப் போர்த்திக்கொள்ளும். சோப்பும் கிருமிநாசினியும் அந்தப் படலத்தை முழுதாகத் துளைப்பதில்லை. கழுவிய மறுநாள் மேற்பரப்பில் ஸ்வாப் எடுத்தால் நெகட்டிவ் வரும். எந்திரம் ஓடி அதிர, ஈரம் சொட்ட, பொந்தில் இருப்பது மெல்ல வெளியே கசியும். அதனால்தான் உணவு தொடும் பரப்புகளில், உற்பத்தி தொடங்கி குறைந்தது மூன்று மணி நேரம் ஆன பிறகு மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். காலை கழுவிய கையோடு எடுத்த ஸ்வாப், கழுவுகிறவரின் கை நன்றாக இருக்கிறதா என்றுதான் சொல்லும். குடியிருப்பவன் இருக்கிறானா என்று சொல்லாது.

ஆகவே நமது கேள்விக்கு இனி விடை தெரிகிறது. மூன்று பாசிட்டிவும் மூன்று தனித்தனி விபத்துகள் அல்ல. ஒரே குடியிருப்பு மூன்று முறை எட்டிப் பார்த்திருக்கலாம். மூன்று தடவையும் வாசலைக் கழுவினார்களே தவிர வீட்டைத் தேடவில்லை. வடிகால் என்பது எல்லா நீரும் வந்து சேரும் இடம். ஆகவே அங்கே பாசிட்டிவ் வந்தால், நீர் எங்கிருந்து வந்தது என்று எதிர்த்திசையில் நடக்க வேண்டும். வடிகாலிலிருந்து நாலாபுறமும் ஸ்வாப் எடுத்துக்கொண்டே போனால் ஒரு பக்கம் மட்டும் பாசிட்டிவாக வரக்கூடும். உதாரணமாக, சீவும் எந்திரத்தின் கால் குழாயில் மூடப்படாத ஒரு துளை. அதை வெல்டிங் செய்து அடைத்தால்தான் நான்காவது பாசிட்டிவ் வராமல் இருக்கும். இரவுக் கழுவலில் அழுத்தக் குழாயை வடிகாலுக்குள் பாய்ச்சுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். பாய்ச்சினால், தெறிக்கும் சாரல் மூன்றாவது ஸோனை முதல் ஸோனுக்குக் கொண்டுபோய்விடும்.

'கத்தியில்தான் ஒருமுறைகூட வரவில்லையே' என்று ஆலைக்காரர் சொல்வார். ஆடிட்டர் அதை வைத்தே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: கத்தியில் எந்த நேரத்தில், எங்கே எடுத்தீர்கள்? எடுப்பவரையே அழைத்து எடுத்துக்காட்டச் சொல்ல வேண்டும். பஞ்சைக் கத்தியின் பளபளப்பான முகத்தில் தேய்த்துவிட்டு, கத்தி பொருந்தும் கழுத்தைத் தொடாமல் போனால், அந்த நெகட்டிவுகளின் மதிப்பு தெரிந்துவிடும். முதல் ஸோனில் பாசிட்டிவ் வந்தால் அன்றைய உற்பத்தியை நிறுத்தி வைக்கவோ கொட்டவோ நேரும். அந்தப் பயத்தில் கண்டுபிடிக்காமலிருக்கவே ஸ்வாப் எடுப்பவர்களும் உண்டு. ஓராண்டு முழுக்கச் சுத்தமான பதிவேடு எனக்குப் பாராட்டுக்குரியதாகத் தெரிவதில்லை.

இதெல்லாம் புத்தகக் கற்பனை இல்லை. 2008-இல் கனடாவின் டொராண்டோவில் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்தின் ஆலையில் செய்த சீவிய இறைச்சியால் லிஸ்டீரியா பரவியது. உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 57 பேர், இறந்தவர்கள் 22 பேர். பலர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தவர்கள். கிருமி இருந்தது பெரிய சீவும் எந்திரங்களின் ஆழத்தில், வழக்கமான கழுவல் எட்டாத இடத்தில். நோய் பரவுவதற்கு முன்பே ஆலையின் சொந்தச் சோதனைகளில் பாசிட்டிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து முடித்தார்கள். அவற்றை ஒன்றாக வைத்து ஒரு போக்கு தெரிகிறதா என்று பார்க்கவில்லை. கனடா அரசு நியமித்த ஷீலா வெதரில் தன் 2009 அறிக்கையில் இதைத்தான் முக்கியமாகச் சுட்டினார். அப்போது இந்தச் சோதனை முடிவுகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அங்கே இல்லை.

2009 ஏப்ரல் முதல், கனடாவின் இத்தகைய ஆலைகள் சுற்றுப்புறச் சோதனையைக் கட்டாயம் செய்யவும், பாசிட்டிவ் வந்தால் உடனே உணவு ஆய்வு முகமைக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.