இ-ரூபாய்: பணத்துக்குப் பொறுப்பு யார்?

இந்திய ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் பொதுமக்களிடையே பரீட்சார்த்தமாக ஆரம்பித்த இ-ரூபாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறேன்: "யூபிஐ இருக்கும்போது இது எதற்கு?" இரண்டிலும் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் பணம் செலுத்துகிறோம். ஆனால் அந்தப் பணத்துக்குப் பொறுப்பானவர் ஒருவரல்ல.

யூபிஐ மூலம் கடைக்கு 500 ரூபாய் செலுத்தினால், என் வங்கிக் கணக்கில் அது குறைந்து கடைக்காரரின் கணக்கில் கூடும். செயலி வங்கிக்கு உத்தரவு மட்டுமே கொடுக்கிறது. இ-ரூபாய் பணப்பையில் அதே 500 ரூபாயை ஏற்றினால், அது ஏடிஎம்மில் எடுத்த தாளைப்போல வங்கி வைப்பிலிருந்து வெளியேறி, ரிசர்வ் வங்கியின் நேரடிப் பொறுப்பாகிவிடும். வட்டி கிடைக்காது. வங்கிக் கூற்றில் ஏற்றிய தொகை மட்டுமே தெரியும். பணப்பையிலிருந்து செலவிட்டவை தெரியாது.

2020 மார்ச்சில் யெஸ் வங்கி நெருக்கடியில் சிக்கியபோது, வைப்பாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அவ்வங்கியை நம்பியிருந்த போன்பே செயலியும் முடங்கியது. இ-ரூபாயாக மாற்றிய பணம் வங்கியின் கடனல்ல என்பதால், வங்கி வீழ்ந்தாலும் அதன் பெறுமதி அழியாது. ஆனால் பணப்பைச் செயலியை நடத்துவது பெரும்பாலும் வங்கியே. ஆகவே பணம் பத்திரமாக இருந்தாலும், செயலி இயங்காவிட்டால் அதைச் செலவிடக் காத்திருக்க நேரலாம்.