சேமக்காலைக்குச் செல்லும் நாளும் கல்லறை இல்லாதோரும்

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் 2ஆம் திகதியை இறந்த விசுவாசிகள் அனைவரினதும் நினைவு நாளாகக் கத்தோலிக்கத் திருச்சபை அனுஷ்டித்து வருகின்றது. சகல ஆத்துமாக்கள் தினம் என்று எமது மூத்தோர் அழைத்து வந்த இந்நாளில், யாழ்ப்பாணம், மன்னார் முதலான பகுதிகளின் சேமக்காலைகள் மெழுகுவர்த்தி ஒளியில் நிறைந்திருப்பதை ஏனைய சமயத்தவரும் கண்டிருப்பர். எனினும், அங்கு நடைபெறுவது என்ன, அது எதற்காக என்பவை அயலவர் பலருக்கும் தெளிவாகத் தெரிந்திருப்பதில்லை.

முதல் நாளான நவம்பர் 1ஆம் திகதி புனிதர் அனைவருக்கும் உரியது. மறுநாள், புனிதர் நிலையை இன்னும் எய்தாது, உத்தரிக்கும் நிலையில் தூய்மை பெற்று வருவதாக நம்பப்படும் ஆன்மாக்களுக்கு உரியது. உயிருடன் இருப்போரின் மன்றாட்டு இவர்களுக்குத் துணை செய்யும் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கையாகும். ஆகவே மெழுகுவர்த்தி ஏற்றுவது இறந்தவரை வணங்குவதற்கன்று. இறந்தவருக்காக இறைவனிடம் மன்றாடுவதற்கேயாகும். மையவாடிக்குச் சென்று கப்றில் உள்ளோருக்கு ஸலாம் கூறி, அவர்களின் பாவமன்னிப்புக்காக துஆச் செய்யும் முஸ்லிம் அன்பர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

இந்நாள் தோன்றிய வரலாறும் கவனத்திற்குரியது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பிரான்ஸ் நாட்டின் குளூனி மடத்துத் தலைவராக இருந்த ஒடிலோ என்பவரே, தமது ஆளுகைக்குட்பட்ட மடங்களில் இதனை ஏற்படுத்தினார். தத்தம் உறவினருக்காகவும் உபகாரிகளுக்காகவும் மன்றாடும் வழக்கம் அதற்கு முன்னரும் இருந்தது. மன்றாட எவருமே இல்லாத ஆன்மாக்களையும் சேர்த்து, இறந்தோர் அனைவருக்கும் பொதுவான ஒரு நாளாக இது வகுக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியமானதாகும்.

வடபகுதியில் இந்நாள் மழைக்காலத்திலேயே வருகின்றது. இதனால் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் பணியைக் கடைசி நேரத்திற்கு ஒத்திவைத்தல் ஆகாது. மழைக்கு முதல்நாள் பூசிய சுண்ணாம்பு காய்ந்து இறுகாமல் வழிந்தோடிவிடும். ஒக்டோபர் மாதத்தில் வெயில் கிடைக்கும் நாட்களிலேயே புல்லை வேருடன் பிடுங்கி, சுவரைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்த பின்னர் சுண்ணாம்பு பூசுவதே முறையாகும். வெறும் மணல்மேடாக உள்ள கல்லறைக்கு, மழையில் கரைந்த அளவுக்குப் புதிய மணல் இட்டு, சரிந்த சிலுவையை நிமிர்த்தினால் போதுமானது.

இப்பணியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. பாசியையும் கறையையும் விரைவாக அகற்றும் எண்ணத்துடன் சிலர் அமிலம் ஊற்றிக் கழுவுகின்றனர். சுண்ணக்கல், சலவைக்கல், சீமெந்து ஆகிய யாவற்றையும் அமிலம் அரிக்கும். அன்றைக்குப் பளிச்சென்று தோன்றும் கல், சில ஆண்டுகளில் சொரசொரப்பாகி, பொறித்த பெயரும் மங்கிவிடும். தண்ணீரும் மென்மையான தும்புத் தூரிகையுமே போதும். மற்றையது, வெடிப்பில் முளைத்த ஆல், அரசங் கன்றுகளை மேலாக ஒடித்துவிட்டுச் செல்வதாகும். வேர் எஞ்சினால் மீண்டும் தழைத்து, கல்லறையையே பிளந்துவிடும். பிஞ்சாக இருக்கும்போதே வேருடன் அகற்றி, வெடிப்பை அடைத்துவிட வேண்டும்.

நினைவு நாளன்று பல பங்குகளில் சேமக்காலையிலேயே திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. அதன் பின்னர் குருவானவர் கல்லறைகளிடையே நடந்து சென்று தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். குடும்பத்தினர் மலர் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபமாலை சொல்லுவர். மெழுகுவர்த்தியைக் கல்லின் மீதே ஒட்டவைத்தால் உருகிய மெழுகு கல்லினுள் ஊறிக் கறையாகிவிடும். மணல் நிரப்பிய சிரட்டையில் நாட்டி வைத்தால் கல்லும் தப்பும், காற்றுக்குச் சுடரும் ஓரளவு தாங்கும். மலர் வைத்த போத்தல்களையும் பொலித்தீன் உறைகளையும் அப்படியே விட்டுவந்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும் என்பதையும் மறத்தலாகாது.

எனினும், சேமக்காலைக்கு வரும் அனைவருக்கும் துப்புரவு செய்வதற்கு ஒரு கல்லறை இருப்பதில்லை. இடம்பெயர்ந்த வழியில் புதைத்துவிட்டு வந்தோர், கடல் கொண்டு சென்றோர், வெளிநாட்டில் இறந்தோர் ஆகியோரின் உறவினர், சேமக்காலை நடுவே நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவர். கல்லறை இல்லாத துயரை அண்மைக் காலத்தில் முஸ்லிம் மக்களும் கொடிதாக அனுபவித்தனர். 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்து, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் ஆரம்பமாகும் வரை அந்நிலை நீடித்தது. இதற்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்த போதிலும், அக்காலத்தில் எரிக்கப்பட்டோருக்கு ஸியாரத் செய்வதற்கு ஒரு கப்று இல்லை.

இவற்றிலும் கடினமானது காணாமல் ஆக்கப்பட்டோரின் நிலையாகும். ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். கணவரின் கல்லறை சேமக்காலையில் இருக்கின்றது. 2009இல் காணாமற்போன மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. கணவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய பின்னர், மகனுக்கும் ஒன்று ஏற்றுமாறு உறவினர் கூறுகின்றனர். தாயின் கை நடுங்குகின்றது. இறந்தோருக்குரிய நாளில் மகனின் பெயரால் ஒரு சுடர் ஏற்றினால், அவன் இறந்துவிட்டான் என்று தாமே தீர்ப்புக் கூறியதாகிவிடும் என அவர் அஞ்சுகின்றார். ஏற்றாமல் திரும்பினாலோ மகனை மறந்துவிட்டதாக மனம் உறுத்துகின்றது.

இத்தகைய தாய்மாருக்குத் திருச்சபையின் ஒழுங்கிலேயே வழி உண்டு. உயிருடன் இருப்போருக்காகவும் இறந்தோருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் கூறுகின்றது. ஆகவே, அந்தத் தாய் பங்குத்தந்தையிடம் மகனின் பெயரை இறந்தோர் பட்டியலில் சேர்க்காமல், அவனுக்காக ஒரு திருப்பலிக் கருத்து மாத்திரம் கொடுக்கலாம். அவன் எங்கிருப்பினும், எந்நிலையில் இருப்பினும் அம்மன்றாட்டு அவனுக்கே உரியது. இறந்தோரின் பெயர்களைப் பதிவு செய்யும் பங்குப் பணியாளர் இதனை அறிந்திருந்தால், அவரை வற்புறுத்தும் நிலை ஏற்படாது.

நாட்டின் சட்டத்திலும் இதனையொத்த ஓர் இடம் உண்டு. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், காணாமற்போனவரின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழை ஏற்காமலேயே, அவர் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். எனினும், சான்றிதழ் எதுவும் உண்மைக்கு ஈடாகிவிடாது. மகன் எங்கே என்ற கேள்விக்கு விடை அளிக்கும் கடமை அரசிடமே இருக்கின்றது.

அந்த விடை கிடைக்கும் வரை, சேமக்காலைக்கு வரும் உறவினரும் அயலவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மகனுக்குச் சுடர் ஏற்ற மறுக்கும் தாயைக் கேள்வி கேட்காதிருத்தலே அது. மன்றாட எவரும் இல்லாதோரையும் உள்ளடக்கவென வகுக்கப்பட்ட இந்நாளில், மகன் இருக்கின்றானா இல்லையா என்று அறியாத தாய்க்கும் இடம் இருத்தல் வேண்டும்.