கட்டுவிரியன் கடித்த இடம் வீங்காது

மழைக்காலத்தில் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவர்களில் சிலருக்குக் கண்ணிமை பாதி மூடியிருக்கும். பெரும்பாலும் இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். எங்கள் செவிலிய மாணவி ஒருவர் அப்படிப்பட்ட நோயாளி ஒருவரைப் பற்றி வகுப்பில் ஸ்லைடு போட்டு விளக்கினார். பெயர், ஊர், உள்நோயாளி எண், முகப்படம், தேதி எதுவும் அதில் இல்லை. 'நடுத்தர வயதுக் கூலித் தொழிலாளி' என்பதோடு சரி. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு நேரம், அப்போது நடந்த ஒரு செய்தி. எல்லோருக்கும் புரிந்தது.

ஆறு மணி நேரம்

இரவு 2 மணி: காலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிட்டார்.
4 மணி: வயிற்றுவலி, வாந்தி. வீட்டிலிருந்த வாயு மாத்திரை.
6 மணி: இமை தூக்க முடியவில்லை. வாயில் மிளகு போட்டுப் பார்த்தார்கள்.
8 மணி: மருத்துவமனை. எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. உடனே வென்டிலேட்டர்.

'வீக்கமே இல்லையே!'

பாம்பு கடித்தால் வீங்கும், பல் பதியும் என்பது கண்ணாடி விரியனுக்குப் பொருந்தலாம். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. தடம்கூடத் தெரியாமல் போகலாம். அதன் நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கி, இமையில் தொடங்கி மூச்சுத் தசைவரை செயலிழக்கச் செய்யும்.

மிளகு காரமாக இருந்தால் விஷம் இல்லை, வேப்பிலை கசந்தால் விஷம் இல்லை என்பதெல்லாம் பொய். விழுங்க முடியாதவர் வாயில் போடும் மிளகும் பாலும் நுரையீரலுக்குள் போகலாம். இறுகக் கட்டுவதும் கீறுவதும் புதிய காயத்தைத்தான் தரும். தயவுசெய்து வயிற்றுவலிக்கு நீங்களே மாத்திரை கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்காதீர்கள்!

பரிசோதனை

20 நிமிட ரத்த உறைவுச் சோதனை கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இமையைப் பார்த்தே முடிவெடுக்கிறோம்.

மருந்தும் செவிலியரும்

நஞ்சுமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சேதமான நரம்பு முனை தானாகத்தான் தேற வேண்டும். அதற்குப் பல நாள் ஆகலாம். அதுவரை வென்டிலேட்டர்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். நேரம் கடந்து வருபவருக்கு மருந்தின் பலன் குறைவது இதனால்தான்.

கடைசி ஸ்லைடில் அந்த மாணவி எழுதியது: 'அசையவில்லை, கண் திறக்கவில்லை, ஆனால் நாம் பேசுவது கேட்கும்.' உண்மை. இவர்கள் மூளைச்சாவு அடைந்தவர்கள் போலத் தோன்றலாம். நினைவு தெளிவாக இருக்கலாம். ஊசி போடுமுன் சொல்லிவிட்டுப் போடுங்கள், தலைமாட்டில் நின்று நம்பிக்கை இழந்து பேசாதீர்கள். அந்த நோயாளி பிழைத்து வீடு திரும்பினார்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கட்டிலில் படுங்கள். தரையில்தான் படுக்க வேண்டுமென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். இரவில் எழுந்தால் டார்ச் அடித்துக் காலை வையுங்கள். தரையில் தூங்கியவர் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தாழ்ந்தால், பாம்பைத் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றும் கொடுக்காமல் கூட்டிவாருங்கள்.