ஒரே கேர் பிளான், நான்கு மதிப்பெண்

அறுவைச் சிகிச்சை வார்டில் போஸ்டிங் முடித்த இரண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இருவரும் பார்த்துக்கொண்டது சர்க்கரை நோயால் காலில் புண் வந்த நோயாளிகளை. இருவருடைய கேர் பிளானிலும் முதல் பிரச்சினை வலிதான். பத்துக்கு ஏழு என்ற அளவில் இருக்கும் வலியை ஒரு மணி நேரத்தில் நான்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று இருவரும் குறிக்கோள் எழுதியிருக்கிறார்கள்.

கடைசிக் கட்டத்தில் முதல் மாணவி எழுதியது இது: “வலி குறைந்தது. நோயாளி நிம்மதியாகத் தூங்கினார். குறிக்கோள் எட்டப்பட்டது.” இரண்டாவது மாணவி எழுதியது: “10.15-க்கு வலி மாத்திரை கொடுக்கப்பட்டது. 10.35-க்கு டிரெஸ்ஸிங் மாற்றப்பட்டது. 11.15-க்குக் கேட்டபோது வலி 5. குறிக்கோள் எட்டப்படவில்லை. மாத்திரை வேலை செய்வதற்கு முன்பே டிரெஸ்ஸிங் தொடங்கிவிட்டது. நாளை மாத்திரை கொடுத்து 45 நிமிடம் கழித்து டிரெஸ்ஸிங் செய்யப்படும்.”

நோயாளியைக் கவனித்துப் பார்த்தது இரண்டாவது மாணவி. ஆனால் மதிப்பெண் பட்டியலில் “பராமரிப்பின் பலன்: 4 மதிப்பெண்” என்று மட்டும் அச்சடித்திருந்தால், குறிக்கோளை எட்டியதாக எழுதிய மாணவி நான்கும், எட்டவில்லை என்று உண்மையை எழுதியவள் இரண்டும் வாங்கக்கூடும். அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் “எட்டப்பட்டது” என்றே எழுதக் கற்றுக்கொண்டுவிடும்.

நர்சிங் மாணவர்கள் வார்டில் கழிக்கும் வாரங்களுக்குச் சாட்சியாகச் சேர்த்துத் தருவதுதான் போர்ட்ஃபோலியோ. கேர் பிளான், கேஸ் ஸ்டடி, மருந்துக் குறிப்பு, நோயாளிக்குச் சொன்ன உடல்நல அறிவுரை, தன் அனுபவத்தைத் தானே அலசி எழுதிய பக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே வகுப்பு மாணவர்கள் நான்கைந்து வார்டுகளில் பிரிந்து நிற்பதால், திருத்துபவர்களும் நான்கைந்து பேர். ஒரு வார்டில் கல்லூரி டியூட்டர் திருத்துவார், இன்னொன்றில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் மதிப்பீடும் சேரும். ஒருவர் கண்ணுக்கு அழகான கையெழுத்து முதலில் படும். ஒருவர் மருந்துக் குறிப்பைத்தான் துருவிப் பார்ப்பார். மற்றொருவர் மாணவி வார்டில் எவ்வளவு பணிவாக நடந்துகொண்டாள் என்பதை நினைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவார். நால்வரும் நேர்மையானவர்கள்தான். ஆனால் நால்வரும் தேடுவது வேறு வேறு.

இந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான் ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அட்டவணை. இடப்பக்கம் எதை மதிப்பிடுகிறோம் என்ற வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, எந்த நிலைக்கு என்ன இருக்க வேண்டும் என்ற விளக்கம் இருக்கும். பல அட்டவணைகள் இந்த விளக்கத்தில்தான் கோட்டை விடுகின்றன. “மிக நன்று, நன்று, சுமார், போதாது” என்று நான்கு கட்டம் போட்டுவிட்டால், பழைய அபிப்பிராயங்களே புதிய கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மேலே சொன்ன “பலனைப் பார்த்தல்” என்ற ஒரே வரிசையை எழுதிப் பார்ப்போம். ‘வலி குறைந்தது’ என்பது போல அளவில்லாத சொல் மட்டும் இருந்தால் நிலை 1. அளவு இருக்கிறது, ஆனால் நேரமோ குறிக்கோளுடன் ஒப்பீடோ இல்லையென்றால் நிலை 2. முன்னும் பின்னும் எடுத்த அளவு, நேரம், குறிக்கோளுடன் ஒப்பீடு மூன்றும் இருந்தால் நிலை 3. இவற்றோடு, பலன் கிடைத்ததற்கோ கிடைக்காததற்கோ காரணமும், அதற்கேற்ப அடுத்த நாள் திட்டமும் இருந்தால் நிலை 4. இப்போது இரண்டாவது மாணவிக்கு 4, முதல் மாணவிக்கு 1. நோயாளி குணமானாரா என்பதற்கு இந்த வரிசையில் மதிப்பெண் கிடையாது. மாணவி கவனித்தாளா, கவனித்ததை வைத்து யோசித்தாளா என்பதற்குத்தான். திருத்துபவர் தேட வேண்டியது பக்கத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்று என்பதால், அவருக்குத் தடுமாற்றமும் குறையும்.

இன்னொன்றையும் அட்டவணையில் எழுதியே வைக்க வேண்டும். நம் கல்லூரிகளில் நோயாளி தமிழில் சொன்னதை மாணவி ஆங்கிலத்தில் எழுதுகிறாள். பள்ளிப்படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவள் என்றால், காலமும் ஒருமை பன்மையும் பிசகும். பொருள் மாறாத வரை மொழிப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்ற ஒரு வரி இல்லாவிட்டால், ஒவ்வொரு வரிசையிலும் சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குத்தான் மதிப்பெண் போய்க்கொண்டிருக்கும்.

வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை எல்லோரும் ஒரே மாதிரி படிக்கிறார்களா என்று சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. போஸ்டிங் தொடங்கும் முன் திருத்துபவர்கள் எல்லோரும் ஒருநாள் உட்கார வேண்டும். சென்ற ஆண்டு போர்ட்ஃபோலியோக்களில் நன்றாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பலவீனமாக ஒன்று எடுத்து, பெயரை மறைத்துப் படியெடுத்து ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியாக மதிப்பெண் போட்டு எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த மௌனம் அவசியம். முதலில் பேசவிட்டால், பேராசிரியர் “இது பதினாறு தேறும்” என்பார். புதிதாகச் சேர்ந்த டியூட்டர் பன்னிரண்டு போட நினைத்திருந்தாலும் “ஆமாம் மேடம்” என்பார். அன்று கிடைப்பது ஒருமித்த கருத்து போலத் தெரியும், ஆனால் அவர்கள் தத்தம் வார்டுக்குத் திரும்பியதும் பழைய வித்தியாசம் அப்படியே இருக்கும். விவாதத்தையும் அனுபவத்தில் இளையவர்களிடமிருந்து தொடங்குவதே நல்லது.

மதிப்பெண்களைப் பலகையில் எழுதும்போது மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் டியூட்டர் போட்டது 4, 2, 4, 1, 3. இரண்டாமவர் போட்டது 2, 4, 1, 4, 3. இருவருக்கும் மொத்தம் 14 வருகிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் முழு உடன்பாடு. வரிசையாகப் பார்த்தால் ஐந்தில் நான்கில் இருவரும் இரு துருவம். இந்த மாணவிக்கு இன்று பாதகமில்லை, ஆனால் வேறு மாதிரி எழுதும் அடுத்த மாணவிக்கு இந்த இருவரும் எட்டும் பதினாறும் போடலாம்.

ஆகவே, ஒரு நிலைக்கு மேல் வித்தியாசம் இருக்கும் வரிசையை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். “எந்தப் பக்கத்தில், எந்த வரியைப் பார்த்து 4 போட்டீர்கள்?” என்பதுதான் கேள்வி. ஒருவர் “நோயாளி தூங்கினார்” என்ற வரியைக் காட்டி, அதுவும் ஒரு கவனிப்புதானே என்று சொல்லக்கூடும். தூக்கம் வலி குறைந்ததன் அளவாகுமா என்று கூட்டம் யோசிக்கும். வலியோடும் ஒருவர் அயர்ந்து தூங்கலாம் என்று முடிவானால், ‘தூங்கினார் என்பது மட்டும் அளவாகாது’ என்ற வரி அட்டவணையில் ஏறும். அந்தப் பக்கத்தையே மாதிரிப் பக்கமாக இணைத்து வைத்தால், பாதியில் வந்து சேரும் புதிய டியூட்டருக்கும் அதுவே வழிகாட்டி.

திருத்தும் விதத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணுவ அதிகாரிகள் தம் கீழிருப்பவர்களின் அறிவு, உடல்வாகு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபோது, ஒன்றில் உயர்ந்த மதிப்பு பெற்றவர் மற்றவற்றிலும் நம்ப முடியாத அளவு உயர்ந்தே இருந்தார் என்று அதில் காட்டினார். ஒளிவட்ட விளைவு என்று அவர் பெயரிட்டது இதைத்தான். போர்ட்ஃபோலியோவிலும் முதல் பக்கம் பிடித்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை அந்த ஒளி தொடரும். ஒரு மாணவியின் ஐந்து வரிசையையும் ஒரே மூச்சில் போடாமல், முதல் வரிசையை எல்லா மாணவிகளுக்கும் போட்டு முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனால் இந்த விளைவு மங்கும்.

இனி வார்டு வித்தியாசம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மாணவியின் நோயாளி நினைவில்லாமல் இருக்கிறார். ‘நோயாளிக்கு உடல்நல அறிவுரை சொன்னார்’ என்ற வரிசையில் அவளுக்குப் பூஜ்யம் விழுந்தால், அது வார்டுக்கு விழுந்த பூஜ்யம். ‘நோயாளிக்கு அல்லது குடும்பத்தாருக்கு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரே நாளில் வீடு திரும்பும் நோயாளிகள் உள்ள வார்டில் மூன்று நாள் முன்னேற்றம் கேட்கவும் முடியாது. எந்த வார்டிலும் எல்லா வரிசையிலும் 4 வாங்க வழி இருக்கிறதா என்று அட்டவணையை ஒவ்வொரு வார்டோடும் பொருத்திப் பார்த்த பிறகே அதை வெளியிட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வார்டின் சராசரி 12, இன்னொன்றின் சராசரி 16 என்று வரலாம். உடனே முதல் வார்டுக்கு ஆளுக்கு நான்கு மதிப்பெண் கூட்டிவிடலாம் என்ற யோசனை எழும். அது ஆபத்து. அங்கே திருத்தியவர் கறாரானவரா, மாணவர்களே பலவீனமானவர்களா என்று சராசரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்டிலிருந்தும் மூன்று போர்ட்ஃபோலியோக்களை, போட்ட மதிப்பெண்ணைக் காட்டாமல், பக்கத்து வார்டில் திருத்தியவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். முதல் வார்டின் மூன்றுக்கும் அவரும் 12-ஐ ஒட்டியே போட்டால், வித்தியாசம் மாணவர்களுடையது. 16-ஐ ஒட்டிப் போட்டால், திருத்தியவர் கை இறுக்கமாக இருந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போதும் செய்ய வேண்டியது அந்த வார்டின் எல்லாப் போர்ட்ஃபோலியோக்களையும் இன்னொருவர் மறுபடி படிப்பதுதான்.

கூட்டல் கணக்குக்குள் வரவே கூடாத ஒரு விஷயமும் உண்டு. ஒரு மாணவி மருந்துக் குறிப்பில் இன்சுலின் பத்து யூனிட் என்பதைச் சுருக்கி 10U என்று எழுதியிருக்கிறாள். அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு அந்த U ஒரு பூஜ்யமாகத் தெரிந்தால் பத்து நூறாகிவிடும். அதனால்தான் அந்தச் சொல்லை முழுதாக எழுத வேண்டும் என்பது மருந்துப் பாதுகாப்பு விதி. சாதாரணக் கூட்டலில் இதற்கு ஒரு மதிப்பெண் குறையும், அழகான கேஸ் ஸ்டடி அதை ஈடுகட்டிவிடும். அப்படி ஈடுகட்ட விடக் கூடாது. நோயாளிக்கு ஆபத்தாகும் பிழைகளைத் தனிப் பட்டியலாக வைத்து, அதில் ஒன்று இருந்தாலும் மொத்தம் எவ்வளவானாலும் போர்ட்ஃபோலியோ திருப்பித் தரப்படும், திருத்தி எழுதி விளக்கிய பிறகே ஏற்கப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அட்டவணைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. எழுதியதைச் செய்தாளா, சீனியரின் நோட்டிலிருந்து எடுத்தாளா என்று காகிதம் முழுதாகச் சொல்லாது. அதற்கு நேரில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். “டிரெஸ்ஸிங்கை ஏன் 45 நிமிடம் தள்ளிவைத்தாய்?” என்று கேட்டால், நோயாளியின் அருகில் நின்றவள் அவர் முகம் சுளித்ததிலிருந்து சொல்லத் தொடங்குவாள்.

முதல் மாணவியும் ஒருநாள் வந்து கேட்பாள்: “குறிக்கோள் எட்டப்பட்டது என்றுதானே எழுதினேன், எனக்கு ஏன் மேடம் ஒன்று?” டியூட்டர் அவளுடைய பக்கத்தை விரித்து, “எத்தனை மணிக்குக் கேட்டாய்? எத்தனை என்று சொன்னார்?” என்று கேட்கலாம். அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் இல்லை என்பது அவளுக்கே தெரியும். எந்த வார்டில் யார் திருத்தியிருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் என்பதும் தெரிந்தால், அவள் அடுத்த நோயாளியிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போவாள்.