மெம்ப்ரேன் எந்தப் பக்கம்?

ஆர்.ஓ. சுத்திகரிப்பானுக்கு ஆண்டுப் பராமரிப்புத் திட்டம் எடுக்கும்போது, விளம்பரத்தில் முதலில் தேட வேண்டிய சொல் ‘மெம்ப்ரேன்’. நீரில் கரைந்த உப்பைப் பிரிப்பது அதுதான். பெரும்பாலும் அதிகம் செலவு வைப்பதும் அதுதான். விலை குறைந்த திட்டங்கள் பலவற்றில் ஆள் வந்து பார்க்கும் கூலியும், செடிமென்ட், கார்பன் ஃபில்டர்களும் மட்டுமே அடங்கும். மெம்ப்ரேன், பம்ப், அடாப்டர் எல்லாம் தனிக் காசு.

ஒரு வீட்டில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,200 என்று வைத்துக்கொள்வோம். மெம்ப்ரேன் புதிதாக இருந்தபோது குழாயில் 90 காட்டியது, இப்போது 400 காட்டுகிறது. உள்ளே வரும் தண்ணீர் மாறவில்லை, டி.டி.எஸ். அட்ஜஸ்டரையும் யாரும் திருகவில்லை என்றால், மெம்ப்ரேன் தேய்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். கார்பன் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அந்த எண் இறங்காது. ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் இரண்டு அளவையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

‘மெம்ப்ரேன் உண்டு’ என்று போட்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒன்றா, பழுதானால் மட்டுமா என்று கேளுங்கள். கருவி தாங்கும் டி.டி.எஸ். வரம்பை உங்கள் தண்ணீர் தாண்டினால் பொறுப்பில்லை என்ற விதியும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். கடினநீர் பகுதிக்காரர்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம். பணம் கட்டும் முன்பே தண்ணீரை அளக்கச் சொல்லி, அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வெளியில் மாட்டும் ப்ரீ-ஃபில்டர், மின்னழுத்தப் பழுது, வீடு மாறும்போது கழற்றி மாட்டும் கூலி ஆகியவை பெரும்பாலும் அடங்காது.