‘டேட்டா இழப்பு’ என்று எழுதினால் போதுமா? ரிஸ்க் ரெஜிஸ்டரில் ஒரு வரியை எப்படி எழுத வேண்டும்?

ஐடி, வங்கி, கட்டுமானம் என எந்தத் துறையில் வேலை பார்த்தாலும் ‘ரிஸ்க் ரெஜிஸ்டர்’ என்ற எக்ஸெல் ஷீட்டை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். ஒரு ப்ராஜெக்டில் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம், அதற்கு வாய்ப்பு எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு, யார் பொறுப்பு, என்ன செய்யப்போகிறோம் என்று எழுதி வைக்கும் பதிவேடு அது.

அதைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது ‘டேட்டா இழப்பு’, ‘ஆள் பற்றாக்குறை’, ‘வெண்டர் தாமதம்’ போன்ற இரண்டு வார்த்தைகள்தான். பக்கத்துக் கட்டத்தில் மஞ்சள் நிறம். ரிவ்யூ மீட்டிங்கில் மேனேஜர் “இதுக்கு என்ன பண்ணியிருக்கோம்?” என்று கேட்பார். “பேக்கப் ஓடிட்டு இருக்கு சார்” என்று பதில் வரும். “சரி, அடுத்தது” என்று மீட்டிங் நகர்ந்துவிடும்.

அந்த ஒரு பதிலில் எவ்வளவு ஓட்டை இருக்கலாம் என்பதை 2017-ல் நடந்த ஒரு சம்பவம் காட்டியது.

கிட்லேபில் என்ன நடந்தது?

மென்பொருள் குழுக்கள் தங்கள் கோடைச் சேமித்துப் பகிரும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அதன் டேட்டாபேஸில் திடீரென லோடு அதிகமானது. மெயின் டேட்டாபேஸின் நகலாக இயங்கும் இரண்டாவது சர்வர் பின்தங்கிவிட்டது. அதை முதலிலிருந்து மீண்டும் நகலெடுக்க முயன்ற இன்ஜினியர், நகல் சர்வரில் இருந்த பழைய ஃபோல்டரை அழிக்க நினைத்தார். ஆனால் அவர் கட்டளை கொடுத்தது மெயின் சர்வரில்.

ஓரிரு நொடிகளில் தவறு புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே.

“பரவாயில்ல, பேக்கப் இருக்கே” என்றுதான் யாருக்கும் தோன்றும். தினமும் `pg_dump` மூலம் பேக்கப் எடுத்து அமேசான் எஸ்3-ல் சேமிக்கும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓடியது. பேக்கப் எடுத்த கருவியோ 9.2 பதிப்பு. அதனால் பேக்கப் தோல்வி அடைந்துகொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் இமெயில்களும் போய்ச் சேரவில்லை. அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் செட்டிங் சரியாக இல்லாததால் அவை நிராகரிக்கப்பட்டன. ஆக, பேக்கப் இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதிலிருந்து மீட்டு தளத்தைத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. பயனர்களின் கோடு தப்பியது. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் டேட்டாபேஸில் பதிவானவை போயின. சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்ட கிட்லேப், நடந்த அனைத்தையும் தன் இணையதளத்தில் வெளிப்படையாக எழுதியது. அதனால்தான் இவ்வளவு விவரம் நமக்குத் தெரிகிறது.

‘டேட்டா இழப்பு’ என்ற வரியில் என்ன குறை?

இதே மாதிரி அமைப்புள்ள ஒரு நிறுவனத்தில், இப்படி ஒரு சம்பவத்துக்கு முந்தைய வாரம் ஒருவர் ‘டேட்டா இழப்பு’ என்று ரெஜிஸ்டரில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பொய் இல்லை. ஆனால் அதை வைத்து ஒரு வேலையும் செய்ய முடியாது.

வாய்ப்பு எவ்வளவு என்று மார்க் போட வேண்டும். எதற்கான வாய்ப்பு? டிஸ்க் பழுதாவதற்கா, ஹேக்கிங்குக்கா, ஆள் தப்பாக அழிப்பதற்கா? பாதிப்பு எவ்வளவு? பத்து நிமிட டேட்டாவா, பத்து நாள் டேட்டாவா? இது தெரியாததால் எல்லோரும் நடுவில் ஒரு 3 போடுவார்கள். நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘பேக்கப் எடுக்கப்படுகிறது’ என்று வரும். இரண்டு வார்த்தை ரிஸ்க்குக்கு இரண்டு வார்த்தைப் பதில்!

மூன்று கேள்விகள், ஒரு வாக்கியம்

இதற்கு ரிஸ்க் மேனேஜ்மென்ட் துறையில் பழகிவந்த ஒரு வழி உண்டு. ஒரு ரிஸ்க்கை காரணம், நிகழ்வு, விளைவு என மூன்றாகப் பிரித்து ஒரே வாக்கியத்தில் எழுதுவது. இத்துறையில் பல நூல்கள் எழுதிய டேவிட் ஹில்சன் இதை ‘ரிஸ்க் மெட்டாலாங்குவேஜ்’ என்கிறார். நாசாவின் ரிஸ்க் கையேடும் இதற்கு நெருக்கமான ஒரு வடிவத்தைத்தான் சொல்கிறது. தமிழில் சொன்னால் இப்படி:

“இன்ன காரணம் இருப்பதால், இன்னது நடக்கலாம், நடந்தால் இன்ன இலக்கு இவ்வளவு பாதிக்கும்.”

இதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இலக்கணம் உண்டு. காரணம் என்பது இன்றைக்கே உண்மையாக இருப்பது. போய்ப் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. நிகழ்வு என்பது நடக்கவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். விளைவு என்பது நிகழ்வு நடந்தால் மட்டும் வருவது. மணி நேரம், ரூபாய், வாடிக்கையாளர் எண்ணிக்கை என ஏதோ ஒன்றில் அளக்க முடிய வேண்டும்.

மாற்றி எழுதிப் பார்ப்போம்

முதல் ஆச்சரியம், ‘டேட்டா இழப்பு’ என்ற ஒரு வரி இரண்டு ரிஸ்க்குகளாகப் பிரிகிறது.

முதலாவது: “மெயின் சர்வர், நகல் சர்வர் இரண்டின் டெர்மினலும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதாலும், பராமரிப்புக் கட்டளைகளைக் கையால் டைப் செய்வதாலும், நகலைச் சுத்தம் செய்யும்போது மெயின் டேட்டாபேஸ் அழிக்கப்படலாம், அழிந்தால் பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்கும் வரை தளம் முடங்கும்.”

இரண்டாவது: “பேக்கப் தோல்வியைச் சொல்ல இமெயில் மட்டுமே இருப்பதாலும், கடைசி ஃபைலைப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாததாலும், தினசரி பேக்கப் நின்றுபோனது தெரியாமலே நாள்கள் கடக்கலாம், அந்த நேரத்தில் மெயின் டேட்டாபேஸ் போனால், கடைசியாகச் சரியாக எடுத்த பேக்கப்புக்குப் பிறகான டேட்டா முழுவதும் போகும்.”

இப்போது நடவடிக்கை தானாகவே தெரிகிறது. முதல் வரியின் காரணத்தை உடைக்க, எந்த சர்வரில் இருக்கிறோம் என்று பளிச்சென்று தெரியும்படி டெர்மினலை மாற்றலாம். இரண்டாவதற்கு, இமெயிலை நம்பாமல் பேக்கப்பைக் கண்காணிக்கலாம், தானாகவே ரீஸ்டோர் செய்து சோதிக்கலாம், பொறுப்பாக ஒருவரை வைக்கலாம். சம்பவத்துக்குப் பிறகு கிட்லேப் வெளியிட்ட பட்டியலில் இந்த நான்குமே இருந்தன.

“பேக்கப் ஓடிட்டு இருக்கு சார்” என்ற பதில் இங்கே எடுபடாது. ஓடாமல் போனால் எப்படித் தெரியும் என்பதுதான் இரண்டாவது வரி கேட்கும் கேள்வி.

இன்னொரு பயனும் இருக்கிறது. காரணத்தை எழுதும்போது அது உண்மைதானா என்று பார்த்தாக வேண்டும். யாராவது சேமிப்பிடத்தைத் திறந்து “கடைசி ஃபைல் என்னிக்கு வந்தது, எத்தனை ஜிபி?” என்று பார்த்தால் அது காலி என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்போது அது ரிஸ்க்கே இல்லை. ஏற்கெனவே நடந்துவிட்ட பிரச்சினை. ரெஜிஸ்டரில் மஞ்சள் நிறத்தில் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே சரிசெய்ய வேண்டியது.

வழக்கமாக எங்கே தவறுகிறோம்?

அதிகம் நடக்கும் தவறு, மூன்றில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு அதையே ரிஸ்க் என்று நினைப்பது.

‘சர்வர் பழசு’ என்பது காரணம். அது உறுதியான உண்மை. அதற்கு 40 சதவீத வாய்ப்பு என்று மார்க் போட முடியாது. ‘ப்ராஜெக்ட் தாமதம்’ என்பது விளைவு. ரெஜிஸ்டரில் உள்ள பாதி ரிஸ்க்குகளுக்கு அதுதான் விளைவாக இருக்கும். அதை ரிஸ்க்காக எழுதினால் எதனால் தாமதம் என்ற கேள்வி அப்படியே நிற்கும். ‘ரீஸ்டோர் டெஸ்ட் செய்யவில்லை’ என்பது இல்லாத ஒரு பாதுகாப்பு. அதைக் காரணத்தில் சேர்க்கலாம். ஆனால் அதை மட்டும் எழுதினால் ‘டெஸ்ட் செய்வோம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது இல்லாததால் என்ன நடக்கும், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எழுதிய வரிக்கு முன்னால் ‘ஏன்?’ என்றும், பின்னால் ‘நடந்தா என்ன?’ என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அந்த வரியிலேயே பதில் இருந்தால் சரி. ‘இது நடக்காமலும் போகலாமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், அது காரணம் அல்லது ஏற்கெனவே நடந்த பிரச்சினை.

அப்போ எல்லாவற்றையும் பிரிக்கணுமா?

வேண்டாம். ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போனால் முடிவே இல்லை. பேக்கப் ஏன் நின்றது? பதிப்பு பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை? இப்படிப் போனால் 20 வரி ரெஜிஸ்டர் 200 வரியாகிவிடும். பிறகு அதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

உங்கள் குழுவால் எதை மாற்ற முடியுமோ அந்தக் காரணத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு காரணங்களுக்கு இரண்டு வெவ்வேறு நடவடிக்கை தேவை, பொறுப்பாளரும் வேறு என்றால் இரண்டு வரி. ஒரே நடவடிக்கை இரண்டையும் சரிசெய்யும் என்றால் ஒரு வரி போதும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. யாருமே யோசிக்காத காரணத்தை வாக்கிய அமைப்பு கண்டுபிடித்துத் தராது. டிமார்க் செட்டிங்கால் எச்சரிக்கை இமெயில் நிராகரிக்கப்படும் என்று முன்கூட்டியே யாரும் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. ‘தோல்வியைச் சொல்ல இமெயில் மட்டுமே இருக்கிறது’ என்பது வரை எழுதினாலே, இமெயில் எந்தக் காரணத்தால் வராமல் போனாலும் அந்த வரி பொருந்தும்.

ஷீட் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் பாதியில் நின்றுவிடும். அடுத்த ரிவ்யூவுக்கு முன், அதிக மார்க் வாங்கிய ஐந்து வரிகளை மட்டும் எடுத்து, அந்த வேலையை தினமும் செய்பவரோடு உட்கார்ந்து மாற்றி எழுதலாம். ஒரு வரியில் காரணத்தை நிரப்ப முடியாமல் இருவரும் முழித்தால், அங்கேதான் யாராவது போய் சேமிப்பிடத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.